விற்பனை ஏறுது... லாபம் மட்டும் காணோம்! பல பொருள் விற்பவர்களுக்கு பிரேக் ஈவன் கணக்கு: புதூர்நாடு உதாரணத்துடன் முழு விளக்கம்

போன மாதம் 3 லட்சம் ரூபாய்க்கு விற்பனை, 15 ஆயிரம் ரூபாய் லாபம். இந்த மாதம் 3 லட்சத்து 10 ஆயிரத்துக்கு விற்பனை. ஆனால் லாபம் பூஜ்யம். விலையைக் குறைக்கவில்லை, செலவும் கூடவில்லை, பணமும் காணாமல் போகவில்லை. அப்புறம் எப்படி?

ஒரே பொருளை விற்பவருக்கு இந்தக் குழப்பம் வராது. இரண்டு மூன்று பொருட்களைச் சேர்த்து விற்கும் எல்லோருக்கும் இது வரும். மகளிர் சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மளிகைக் கடை, டீக்கடை என யாரும் விதிவிலக்கு இல்லை. பிரேக் ஈவன் பாயின்ட், மார்ஜின் ஆஃப் சேஃப்டி என்ற இரண்டு கணக்கும் தெரிந்தால் இதற்கான காரணம் புரிந்துவிடும்.

ஏன் புதூர்நாடு?

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் மேல் இருக்கிறது புதூர்நாடு. பக்கத்திலேயே நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு. மலையாளி பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதி இது. சாமை, தேன், புளி என்று இங்கே விளைவதும் கிடைப்பதும் பல வகை. அதனால் இங்கே ஒரு குழு கடை போட்டால், ஒரே பொருளை நம்பிப் போடாது. மூன்று நான்கு பொருட்களைச் சேர்த்துத்தான் விற்கும்.

மத்திய அரசின் வன் தன் திட்டம் 2018-ல் தொடங்கியது. அடுத்து 2020 பிப்ரவரியில் 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டம் வந்தது. மலைப்பகுதியில் 100 பேர் சேர்ந்தாலே இதில் ஒரு நிறுவனம் தொடங்க முடிந்தது. இப்படித் தொடங்கும் குழுக்கள் முதலில் கேட்கும் கேள்வி: "மாசம் எவ்வளவு வித்தா கையைக் கடிக்காது?"

அதற்குப் பதில் சொல்ல, புதூர்நாட்டில் சாமை அரிசி, புளி, தேன் விற்கும் ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். கீழே வரும் விலைகள் கணக்குப் புரிவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களும் இதே கணக்கைச் செய்யலாம்.

முதல் படி: செலவை இரண்டாகப் பிரிக்கணும்

ஒரு பாக்கெட் கூடுதலாக விற்றால் கூடும் செலவு ஒரு வகை. இது மாறும் செலவு. சாமை அரிசியை எடுத்துக்கொள்வோம். 1 கிலோ அரிசி கிடைக்க, உமியோடு இருக்கும் சாமை சுமார் 1.6 கிலோ தேவை என்று வைத்துக்கொள்வோம். கிலோ 45 ரூபாய் என்றால் அதுவே 72 ரூபாய். மில்லில் அரைக்க 5, கவர் 3, மலையில் இருந்து கீழே இறக்க வண்டிச் செலவு 5 ரூபாய். மொத்தம் 85 ரூபாய். விற்பது 100 ரூபாய்க்கு. கையில் நிற்பது 15 ரூபாய்.

இந்த 15 ரூபாயை லாபம் என்று நினைத்தால் அங்கேயே கணக்கு தப்பிவிடும். இதற்குப் பெயர் பங்களிப்பு. இதில் இருந்துதான் மற்ற செலவுகளைக் கொடுக்கணும்.

அதேபோல விதை எடுத்த புளி கிலோ 150 ரூபாய், மாறும் செலவு 110, பங்களிப்பு 40. அரை கிலோ தேன் பாட்டில் 300 ரூபாய், மாறும் செலவு 190, பங்களிப்பு 110.

இன்னொரு வகை, ஒரு பாக்கெட்கூட விற்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய நிலையான செலவு. நம் குழுவுக்கு மாதம் மேலாளர் சம்பளம் 22,000, இரண்டு பணியாளர்களுக்கு 16,000, ஷெட் வாடகை 8,000, இயந்திரத் தேய்மானம் 6,000, கடன் வட்டி 5,000, மின் கட்டணம், போன் எல்லாம் சேர்த்து 3,000. கூட்டினால் 60,000 ரூபாய்.

இந்த 60,000-ஐ பங்களிப்பு தொடும் இடம்தான் பிரேக் ஈவன் பாயின்ட். அந்த இடத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இரண்டாவது படி: 'ஒரு கூடை' கணக்கு

தேன் மட்டும் விற்றால் கணக்கு சுலபம். 60,000-ஐ 110-ஆல் வகுத்தால் 546 பாட்டில். சாமை மட்டும் என்றால் 4,000 கிலோ. மூன்றையும் சேர்த்து விற்கும்போது எதால் வகுப்பது?

இங்கேதான் விற்பனைக் கலவை வருகிறது. எந்த விகிதத்தில் பொருட்கள் விற்கின்றன என்று பார்க்கணும். பில் புத்தகத்தைப் புரட்டினால், 4 கிலோ சாமை விற்கும் நேரத்தில் 2 கிலோ புளியும் 1 பாட்டில் தேனும் விற்பது தெரிகிறது என்று வைப்போம். விகிதம் 4:2:1. இதை ஒரு கூடையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கூடையின் விற்பனை விலை: சாமை 400, புளி 300, தேன் 300. மொத்தம் 1,000 ரூபாய்.

கூடையின் பங்களிப்பு: சாமை 60, புளி 80, தேன் 110. மொத்தம் 250 ரூபாய்.

இப்போது மூன்று பொருள் ஒரே பொருளாகிவிட்டது. 60,000-ஐ 250-ஆல் வகுத்தால் 240 கூடை. அதாவது மாதம் 960 கிலோ சாமை, 480 கிலோ புளி, 240 பாட்டில் தேன். ரூபாயில் சொன்னால் 2 லட்சத்து 40 ஆயிரம். இதுதான் இந்தக் குழுவின் பிரேக் ஈவன்.

ரூபாயில் நேரடியாகவும் கண்டுபிடிக்கலாம். 1,000 ரூபாய் கூடையில் 250 ரூபாய் பங்களிப்பு என்றால் 25 சதவீதம். நிலையான செலவு 60,000-ஐ 25 சதவீதத்தால் வகுத்தால் அதே 2,40,000 வரும்.

பலரும் தப்பு செய்யும் இடம்

15, 40, 110 ஆகிய மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, 'சராசரி 55 ரூபாய்' என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் 60,000-ஐ 55-ஆல் வகுத்து, 1,091 பாக்கெட் விற்றால் போதும் என்று வரும். ஆனால் நம் 240 கூடையில் இருப்பது கூடைக்கு 7 வீதம் 1,680 பாக்கெட்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? சாதாரண சராசரி, தேனும் சாமையும் சம எண்ணிக்கையில் விற்பதாக நினைத்துக்கொள்கிறது. உண்மையில் ஒரு தேன் பாட்டிலுக்கு நாலு கிலோ சாமை போகிறது. 1,091 பாக்கெட்டோடு நிறுத்தினால், 4:2:1 கலவையில் கிடைக்கும் பங்களிப்பு சுமார் 39,000 ரூபாய்தான். மாதம் 21,000 ரூபாய் நட்டம்.

மார்ஜின் ஆஃப் சேஃப்டி என்றால் என்ன?

நம் குழு மாதம் 300 கூடை விற்கிறது. அதாவது 1,200 கிலோ சாமை, 600 கிலோ புளி, 300 பாட்டில் தேன். விற்பனை 3 லட்சம். பிரேக் ஈவன் 2 லட்சத்து 40 ஆயிரம். இடையில் இருக்கும் 60,000 ரூபாய்தான் மார்ஜின் ஆஃப் சேஃப்டி, தமிழில் பாதுகாப்பு இடைவெளி. மொத்த விற்பனையில் இது 20 சதவீதம்.

லாபமும் இந்த இடைவெளியில் இருந்துதான் வருகிறது. 60,000-ல் 25 சதவீதம் 15,000. மொத்தப் பங்களிப்பு 75,000-ல் இருந்து 60,000-ஐக் கழித்துப் பாருங்கள். அதே 15,000.

'விற்பனை 20 சதவீதம் குறைந்தாலும் நட்டம் வராது' என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். அது ஒரு நிபந்தனையோடுதான் உண்மை. மூன்று பொருளும் ஒரே அளவில் குறைய வேண்டும்.

தேன் மட்டும் குறைந்தால் என்ன ஆகும்? 15,000 லாபத்தை 110-ஆல் வகுத்தால் 136 பாட்டில் வரும். 136 பாட்டில் குறைந்தாலே லாபம் கிட்டத்தட்ட காலி. அதன் விற்பனை மதிப்பு சுமார் 41,000 ரூபாய், அதாவது மொத்த விற்பனையில் 14 சதவீதத்துக்கும் குறைவு. மாறாக சாமை மட்டும் குறைந்தால், 1,000 கிலோ வரை, அதாவது ஒரு லட்சம் ரூபாய் விற்பனை போனாலும் நட்டம் வராது. அது மொத்த விற்பனையில் 33 சதவீதம்.

ஆக, அதே கடையில் பாதுகாப்பு இடைவெளி 14-ஆகவும் இருக்கலாம், 33-ஆகவும் இருக்கலாம். எந்தப் பொருள் தடுமாறுகிறது என்பதைப் பொறுத்தது அது.

விற்பனை ஏறியும் லாபம் போனது எப்படி?

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். அடுத்த மாதம் நம் குழுவுக்கு சாமை ஆர்டர் குவிகிறது. 1,200 கிலோ விற்ற இடத்தில் 2,200 கிலோ விற்கிறது. ஆனால் தேன் வரத்து குறைந்து 100 பாட்டில்தான் கிடைத்தது. புளியும் 600-ல் இருந்து 400 கிலோ ஆனது.

விற்பனை: சாமை 2,20,000, புளி 60,000, தேன் 30,000. மொத்தம் 3,10,000 ரூபாய்.

பங்களிப்பு: சாமை 33,000, புளி 16,000, தேன் 11,000. மொத்தம் 60,000 ரூபாய்.

நிலையான செலவும் 60,000. லாபம் பூஜ்யம். விற்பனை 10,000 ரூபாய் ஏறியும் 15,000 ரூபாய் லாபம் போய்விட்டது.

கூடைக்குள் இருக்கும் பொருட்களின் விகிதம் மாறிவிட்டதுதான் காரணம். 100 ரூபாய் தேனில் 36 ரூபாய்க்கு மேல் நிற்கும். 100 ரூபாய் சாமையில் 15 ரூபாய்தான் நிற்கும். தேன் விட்டுப்போன இடத்தை சாமை நிரப்பியதால், மொத்தப் பங்களிப்பு விகிதம் 25-ல் இருந்து 19.4 சதவீதத்துக்கு இறங்கியது. பிரேக் ஈவன் 2,40,000-ல் இருந்து 3,10,000-க்கு ஏறிவிட்டது. பாதுகாப்பு இடைவெளி 20-ல் இருந்து பூஜ்யம்.

அப்படியென்றால் அந்த சாமை ஆர்டரை எடுத்ததே தப்பா? இல்லை. தேனும் புளியும் பழைய அளவிலேயே விற்று, கூடுதலாக 1,000 கிலோ சாமை போயிருந்தால் பங்களிப்பு 90,000 ஆகியிருக்கும். லாபம் 30,000. அப்போதும் பங்களிப்பு விகிதம் 22.5 சதவீதமாகக் குறைந்து, பிரேக் ஈவன் சுமார் 2,67,000-க்கு ஏறியிருக்கும். ஆனால் விற்பனை 4 லட்சம் என்பதால் பாதுகாப்பு இடைவெளி 33 சதவீதமாகக் கூடியிருக்கும்.

எனவே பிரேக் ஈவன் ஏறியதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கணும். சாமை கூடுதலாகச் சேர்ந்ததா, இல்லை தேனின் இடத்தைப் பிடித்ததா என்பதே கேள்வி.

'நட்டப் பொருளை நிறுத்திடலாமா?'

இந்தக் கணக்கில் அடுத்த பள்ளம் இது. நிலையான செலவு 60,000-ஐ விற்பனை அளவுக்கு ஏற்ப மூன்று பொருளுக்கும் பங்கு போடுகிறார் கணக்கர். 3 லட்சத்தில் சாமையின் விற்பனை 1,20,000, அதாவது 40 சதவீதம். எனவே சாமையின் தலையில் 24,000 ரூபாய் செலவு. சாமையின் பங்களிப்போ 1,200 கிலோவுக்கு 18,000 ரூபாய். 'சாமையில் மாதம் 6,000 நட்டம், நிறுத்திடலாம்' என்று முடிவு வருகிறது.

நிறுத்தினால் என்ன நடக்கும்? சாமையின் 18,000 பங்களிப்பு போய்விடும். ஷெட் வாடகை குறையாது. மேலாளர் சம்பளம் குறையாது. 15,000 லாபத்தில் இருந்த குழு 3,000 ரூபாய் நட்டத்துக்குப் போகும்.

பங்கு போட்ட செலவு காகிதத்தில்தான் பொருள் மாறுகிறது. உண்மையில் அது மொத்தக் கடைக்கும் பொதுவான செலவு. சாமையை நிறுத்தினால் நிஜமாகவே மிச்சமாகும் செலவு எது என்று கேட்கணும். உதாரணமாக சாமை உமி நீக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருந்தால், அந்த வாடகை மிச்சமாகும். அது மாதம் 18,000-ஐத் தாண்டினால்தான் நிறுத்துவதில் அர்த்தம் இருக்கிறது.

உதவித்தொகை நிற்கும் மாதம்

10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில், நிர்வாகச் செலவுக்காக ஒரு நிறுவனத்துக்கு 3 ஆண்டுகளில் அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. நல்ல உதவிதான். ஆனால் பிரேக் ஈவன் கணக்கில் இதைச் சரியாக எழுதாவிட்டால், முதல் ஆண்டுகளில் தெரியும் பாதுகாப்பு இடைவெளி வெறும் தோற்றமாகிவிடும்.

நம் குழுவின் மேலாளர் சம்பளம் 22,000-ஐ இப்படி ஒரு திட்டம் கொடுக்கிறது என்று வைப்போம். அப்போது குழு கொடுக்கும் நிலையான செலவு 38,000. பிரேக் ஈவன் 1,52,000 ரூபாய்தான். 3 லட்சம் விற்பனையில் பாதுகாப்பு இடைவெளி 49 சதவீதம். பார்க்கவே தெம்பாக இருக்கும். அந்தத் தெம்பில் புதிதாக ஒரு ஆளை எடுக்கலாம், வண்டி வாங்கக் கடனும் வாங்கலாம்.

உதவி முடிந்த அடுத்த மாதமே பிரேக் ஈவன் 2,40,000-க்கு ஏறிவிடும். இடைவெளி 20 சதவீதமாகச் சுருங்கும். கடையில் எதுவும் மாறவில்லை. விற்பனையும் அதே, விலையும் அதே. புதிதாக மாதம் 15,000 ரூபாய் செலவைச் சேர்த்திருந்தால் அந்த 20-ம் இருக்காது.

இதற்கு வழி, முதல் மாதத்தில் இருந்தே இரண்டு பிரேக் ஈவன் போட்டு வைப்பது. உதவியோடு ஒன்று, உதவி இல்லாமல் ஒன்று. புதிய செலவுக்கான முடிவை இரண்டாவதை வைத்துத்தான் எடுக்கணும்.

மாதக் கணக்கா, வருடக் கணக்கா?

'கலவை மாறாது' என்பதுதான் இந்த முறையின் அஸ்திவாரம். ஆனால் மலைப் பொருட்களுக்கு சீசன் உண்டு. புளி உலுக்கும் மாதங்களில் புளியாகக் குவியும், சாமை அறுவடைக்குப் பிறகு சாமை. தேன் பூ பூப்பதைப் பொறுத்தது. ஒரு மாதத்தின் கலவையை வைத்துப் போட்ட கணக்கு அடுத்த மாதத்துக்குப் பொருந்தாது.

அதனால் இப்படிப்பட்ட வியாபாரத்துக்கு 12 மாத விற்பனையையும் கூட்டி, அதில் வரும் கலவையை வைத்துக் கணக்குப் போடுவதே சரி. நம் உதாரணத்தில் வருட நிலையான செலவு 7,20,000. பிரேக் ஈவன் விற்பனை 28,80,000 ரூபாய். இதில் ஒரு மாதம் குறையலாம், ஒரு மாதம் கூடலாம். வருடம் மொத்தமும் அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கணும்.

விற்பனை மிகவும் ஏறினாலும் இந்தக் கணக்கு மாறும். ஒரு ஷெட் போதாமல் இரண்டாவது ஷெட் எடுத்தால், நிலையான செலவு ஒரே நாளில் படியேறிவிடும். அன்றைக்கு கூடைக் கணக்கைப் புதிதாகப் போடணும்.

பில் புத்தகத்தில் என்ன பார்க்கணும்?

மாதக் கடைசியில் மூன்று வேலை போதும்.

1. ஒவ்வொரு பொருளும் எத்தனை விற்றது என்று எண்ணி, அதன் பங்களிப்பால் பெருக்கிக் கூட்டுங்கள். அந்த மாத நிலையான செலவை அது தாண்டியதா என்று பாருங்கள்.

2. மொத்தப் பங்களிப்பை மொத்த விற்பனையால் வகுத்து சதவீதம் எடுங்கள். விலையும் கொள்முதல் செலவும் மாறாமல் இந்தச் சதவீதம் மட்டும் இறங்கினால், கலவை மாறுகிறது என்று அர்த்தம். சீசன் காரணமா என்று அறிய, போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

3. லாபத்தை அதிகப் பங்களிப்பு தரும் பொருளின் பங்களிப்பால் வகுத்துப் பாருங்கள். நம் குழுவுக்கு அது தேன், விடை 136 பாட்டில். அடுத்த சீசனில் தேன் வரத்து எவ்வளவு குறைய வாய்ப்பு இருக்கிறது என்று தேன் எடுப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் அளவு 136-ஐத் தாண்டினால், 20 சதவீத பாதுகாப்பு இடைவெளியை நம்பிப் புதிய கடன் வாங்க வேண்டாம்.